பத்து லட்சத்துக்குக் கையெழுத்து, பதினெட்டே முக்கால் லட்சத்துக்கு நோட்டீஸ்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஷ்யூரிட்டி கையெழுத்து போட்டுவிட்டு நோட்டீசோடு வந்து நிற்பவர்களை அந்த மேஜைக்குப் பின்னால் இருந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். இந்த முறை மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டி வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கும் சட்டமும் நடந்தபடியே இருக்கின்றன.

நோட்டீஸ் வந்தது ஒரு ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியருக்கு. கடன் வாங்கியது அவருடைய அக்கா மகன். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமா, அதனால் இங்கேயும் மாமா என்றே வைத்துக்கொள்கிறேன். நோட்டீசில் இருந்த தொகை ரூ.18,72,000. பதினைந்து நாளில் கட்டவேண்டும், தவறினால் வழக்கு.

"நான் பத்து லட்சத்துக்குத்தானே போட்டேன்" என்றார் மாமா. "முதல்ல அவன்கிட்ட கேக்க மாட்டாங்களா?" என்றார் அத்தை. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒன்றுக்குச் சட்டம் மாமாவின் பக்கம், இன்னொன்றுக்கு வங்கியின் பக்கம்.

நடந்தது என்ன

மருமகனுக்கு அச்சகம். 2019 மார்ச்சில் தொழிலுக்காகப் பத்து லட்சம் ரூபாய் லிமிட்டில் சி.சி. கணக்கு, அதாவது கேஷ் கிரெடிட், வாங்கினார். லிமிட்டுக்குள் எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம். அச்சகத்தின் சரக்கும் ஓர் ஆஃப்செட் இயந்திரமும் கடனுக்கு ஈடு. அவற்றோடு இரண்டு பேர் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தார்கள், மாமாவும் மருமகனின் தொழில் நண்பரும்.

2021 ஜூனில் லிமிட் பதினாறு லட்சமானது. புதிய தாள்களில் மருமகனும் நண்பரும் கையெழுத்திட்டார்கள். மாமா அப்போது ஊரில் இல்லை, வங்கியும் அவரைத் தேடவில்லை. 2022 செப்டம்பரில் மருமகன் அந்த இயந்திரத்தை மூன்று லட்சத்துக்கு விற்றார். வங்கி அதற்குத் தடையில்லாக் கடிதம் கொடுத்தது. விற்ற பணம் கடன் கணக்குக்கு வரவில்லை. 2023ல் கணக்கு வாராக்கடன் ஆயிற்று. 2024 ஜனவரியில் மாமாவுக்கு நோட்டீஸ்.

அத்தையின் கேள்வி

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872ன் 128ஆம் பிரிவு ஒற்றை வாக்கியம்தான். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின், அதாவது கடன் வாங்கியவரின், பொறுப்புக்குச் சமமானது என்கிறது. சமம் என்றால் வரிசையிலும் சமம். கடன்காரரிடம் கேட்டு, வழக்குப் போட்டு, அவர் சொத்தை ஏலம் விட்டு, மிச்சத்துக்கு மட்டும்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1960களிலேயே தீர்த்துவிட்டது. கடன்காரரைத் துரத்தி முடிக்கும்வரை காத்திரு என்று சொன்னால் ஜாமீன் வாங்கியதற்கே பொருளில்லை என்பதுதான் அதன் சாரம்.

அத்தைக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. கையெழுத்து வாங்கும்போது "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு" என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். அந்த வார்த்தையை என் மேஜையில் நானும் சொல்லியிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆக, மாமாவிடம் வங்கி நேராக வரலாம். எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லக்கூடியது மாமா கையெழுத்திட்ட உத்தரவாதப் பத்திரம் ஒன்றுதான். அதன் நகல் அவரிடம் இல்லை. பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. முதல் வேலையாக உத்தரவாதப் பத்திரம், இரண்டு அனுமதிக் கடிதங்கள், முழுக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம்.

அதற்குள் ஒரு விபத்து நடக்க இருந்தது. வசூலுக்கு வந்த ஊழியர் மரியாதையாகப் பேசி, "நிலுவையை உறுதி செய்யும் கடிதம், ஃபைலுக்காக" என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அதில் ரூ.18,72,000 என்று அச்சிட்டிருந்தது. பேனாவைத் திறந்த மாமா, கண்ணாடி கிடைக்காததால் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். அதில் கையெழுத்திட்டிருந்தால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகையையும் அவரே ஒப்புக்கொண்டார் என்று வங்கி வாதாட ஒரு தாள் கிடைத்திருக்கும். நோட்டீஸ் வந்த பிறகு, சொந்தப் பத்திரத்தைப் படிக்காமல், தொகை எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது.

உச்சவரம்பு

மூன்று வாரத்தில் நகல்கள் வந்தன. அச்சிட்ட நான்கு பக்கம். பேனாவால் நிரப்பிய ஓர் இடத்தில்தான் மாமாவின் கேள்விக்குப் பதில் இருந்தது. இந்த உத்தரவாதத்தின் கீழ் வசூலிக்கும் தொகை பத்து லட்சத்துக்கு மேல் போகாது, பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து அதன்மேல் வட்டி சேரும் என்று இருந்தது.

128ஆம் பிரிவில் "வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய" என்று இருப்பது இதைத்தான். கடன் எவ்வளவு வளர்ந்தாலும் மாமாவின் பொறுப்பு பத்து லட்சத்தில் நின்றுவிடுகிறது. நோட்டீசுக்கு முன் மருமகன் கணக்கில் சேர்ந்த வட்டி, அபராத வட்டி எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்கியவை. நோட்டீசுக்குப் பிறகு மாமா கட்டாமல் தாமதித்தால்தான் அவர் பெயரில் தனி வட்டி ஓடத் தொடங்கும்.

இந்த வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்காது. சிலவற்றில் தொகை எழுதியிருந்தாலும், "அதோடு வட்டி, செலவு அனைத்தும்" என்று எந்தத் தேதியும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அப்போது பழைய வட்டியும் வரம்புக்கு மேல் ஏறும். சிலவற்றில் தொகையே இருக்காது, "எல்லாக் கடன்களுக்கும்" என்று மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட பத்திரமாக இருந்தால் மாமாவின் வாதம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

நோட்டீசில் முழுத்தொகையைக் கேட்டது ஏமாற்று வேலை என்று மாமாவின் மகன் கொதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன்காரருக்கும் இரண்டு ஜாமீன்தாரர்களுக்கும் ஒரே வரைவை அனுப்புவது வழக்கம். ஒவ்வொருவர் பத்திரத்தையும் பார்த்துத் தொகை போட யாருக்கும் நேரமில்லை. சோம்பேறித்தனம்தான், ஆனால் அதன் விலையை ஜாமீன்தாரர் கொடுக்க நேர்கிறது.

லிமிட்டைக் கூட்டினால் ஜாமீன் ரத்தாகுமா?

மாமா மிகவும் நம்பியிருந்தது இதைத்தான். தன்னைக் கேட்காமல் லிமிட்டைக் கூட்டியதால் தன் ஜாமீனே செல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பின் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 133ஆம் பிரிவு. பின் நடந்தவற்றுக்கு மட்டும்தான். அதற்கு முன் இருந்த கடன் அவர் தலையில்தான் இருக்கும். 2021 ஜூனில் லிமிட் கூடிய அன்று நிலுவை ரூ.9,40,000.

ஆனால் சி.சி. கணக்கில் இதற்கு ஒரு சுவையான தொடர்ச்சி உண்டு. ஓடும் கணக்கில் வரும் பணம் எந்தக் கடனுக்கு என்று யாரும் சொல்லாவிட்டால், பழைய கடனில் இருந்து வரிசையாகக் கழிய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு. லிமிட் கூடிய பின் ஒன்றரை வருடத்தில் அந்தக் கணக்கில் 31 லட்சம் வரவாகியிருந்தது. எடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவு, அதனால் நிலுவை குறையவில்லை. ஆனால் வரிசைப்படி கழித்தால், பழைய 9,40,000 எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் மாமா பொறுப்பேற்காத புதுக்கடன். அப்படியானால் மாமா தரவேண்டியது பூஜ்யம்.

அழகான வாதம். மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்வரை நிலைத்தது. கடனின் தொகையையும் நிபந்தனைகளையும் வங்கி தன்னைக் கேட்காமல் மாற்றலாம், ஒப்பந்தச் சட்டத்தின் 133, 134, 135, 139 பிரிவுகள் தரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று அங்கே ஒரு பத்தி. சம்மதமில்லாத மாற்றம் என்பதுதான் 133ன் உயிர். சம்மதத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பிறகு அந்தப் பிரிவு வேலை செய்யாது. சட்டம் தரும் பாதுகாப்பை ஜாமீன்தாரர் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்பதை சீதா ராம் குப்தா – பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்த வழக்கு வேறு ஒரு பிரிவைப் பற்றியது, கொள்கை ஒன்றுதான்.

ஆனாலும் அந்தப் பத்தி எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். மருமகனின் லிமிட்டை மாற்ற மாமா சம்மதித்திருக்கிறார். தன் உச்சவரம்பை மாற்ற அவர் எங்கும் சம்மதிக்கவில்லை. லிமிட் பதினாறு லட்சம் ஆனாலும் அறுபது லட்சம் ஆனாலும் மாமா பத்து லட்சத்துக்கு மட்டுமே பொறுப்பு.

விட்டுப்போன ஒரு எண்

அந்தப் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். 133, 134, 135, 139. அதில் 141 இல்லை. நான் பார்த்த படிவங்களில் அதுவும் சேர்ந்தே இருக்கும். தட்டச்சு செய்தவர் எந்த மனநிலையில் இருந்தாரோ, மாமாவின் மூன்று லட்சம் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

ஜாமீன் கொடுத்த நாளில் கடனுக்கு ஈடாக இருந்த பொருளை, ஜாமீன்தாரரின் சம்மதமின்றி வங்கி கைவிட்டாலோ தொலைத்தாலோ, அந்தப் பொருளின் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரரின் பொறுப்பு குறையும் என்பது 141ஆம் பிரிவு. இயந்திரம் 2019 மார்ச்சிலேயே ஈடாக இருந்தது. அது வங்கியின் கையில் இல்லை, அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகை ஈட்டில், கடன்காரர் திருட்டுத்தனமாகப் பொருளை விற்றுவிட்டால் வங்கிமேல் பழி போடுவது கடினம். ஆனால் இங்கே வங்கியே எழுத்தில் விடுவித்திருக்கிறது. தடையில்லாக் கடிதமும் மூன்று லட்சத்துக்கான விற்பனை ரசீதும் மருமகனின் ஃபைலில் இருந்தன. "மாமா, இது எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தார்.

வங்கியின் வழக்கறிஞர் நல்ல பதில் வைத்திருந்தார். மூன்று லட்சத்தை மொத்தக் கடனில் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் பதினைந்து லட்சத்துக்கு மேல் நிற்கிறது, மாமாவின் வரம்பு அப்படியே பத்துதான் என்றார். நாங்கள் சட்டத்தின் சொற்களைக் காட்டினோம். குறைவது கடன் அல்ல, ஜாமீன்தாரரின் பொறுப்பு. அதனால் பத்தில் மூன்று போக ஏழு. இரண்டு தரப்புக்கும் சொல்ல இடம் உண்டு, நீதிமன்றத்தில் எது நிற்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது

பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் மாமா தூங்கவேண்டும் என்றால் இதற்குப் பதில் வேண்டியிருந்தது. வீட்டை அடமானம் வைத்திருக்கவில்லை. அதனால் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை எடுத்துக்கொள்ளும் வழி வங்கிக்கு இல்லை. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றும்போதுதான் வீட்டை ஜப்தி செய்யக் கேட்கலாம். கேட்க முடியும் என்பதை மறைக்கக்கூடாது, மாமா குடியிருக்கும் வீடு என்பதால் மட்டும் அதற்கு விலக்கு கிடைக்காது.

அவருடைய அரசு ஓய்வூதியத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. ஓய்வூதியப் பணப்பலன்களை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டாலும் அந்தப் பாதுகாப்பு போகாது என்று 2008ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. அத்தையின் பெயரில் அத்தையின் பணத்தில் வாங்கிய மனைக்கும் மகனின் சம்பளத்துக்கும் மாமாவின் கையெழுத்தோடு தொடர்பே இல்லை.

அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார், "இவருக்கு ஏதாவது ஆயிட்டா, புள்ளை தலையில விழுமா?" மாமா விட்டுச்செல்லும் சொத்து மகனுக்கு வந்தால், வந்த சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு தொடரும். மகனின் சொந்தச் சம்பாத்தியத்துக்கு வராது. மாமா அருகில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தார்.

கணக்கு முடிந்த விதம்

2024 அக்டோபரில் பேசினோம். வங்கியின் கணக்கு, பத்து லட்சமும் ஒன்பது மாத வட்டி 12 சதவீதத்தில் 90,000மும், ஆக 10,90,000. எங்கள் கணக்கு, ஏழு லட்சமும் அதன் வட்டி 63,000மும், ஆக 7,63,000. எட்டு லட்சத்தில் முடிந்தது. மாமா தன் சேமிப்பில் இருந்து கட்டினார்.

கட்டுமுன் கடிதத்தின் வாசகத்துக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். வங்கி தந்த வரைவில் "கணக்கில் எட்டு லட்சம் பெறப்பட்டது" என்று மட்டும் இருந்தது. அது வெறும் ரசீது, மீதிக்கு மறுபடி வரலாம். பத்திரத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அந்த உத்தரவாதத்தின் கீழான பொறுப்பு முழுவதும் தீர்ந்தது என்றும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அதைத் தெரிவிப்போம் என்றும் எழுதி வாங்கினோம். ஜாமீன் கொடுத்த கடன் கெட்டால் ஜாமீன்தாரரின் கடன் அறிக்கையிலும் அது தெரியும் என்பதால் இரண்டாவது வரியும் தேவைப்பட்டது.

எட்டு லட்சத்தையும் மருமகனிடமிருந்து கேட்டு வாங்கும் உரிமை 145ஆம் பிரிவில் இருக்கிறது. தனியாக ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்கவேண்டும். கட்டிய தொகைதான் கேட்கலாம், தவிர்த்த பத்து லட்சத்துச் சொச்சத்தைக் கேட்க முடியாது.

நண்பர் விஷயத்தில் வீட்டில் எல்லோரும் அவசரப்பட்டார்கள். இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்குப் பாதி, நான்கு லட்சம் நாளைக்கே வாங்கிவிடலாம் என்று. அக்டோபரில் அது தவறான கணக்கு. கடன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. 18,72,000ஐ இருவரும் சமமாகச் சுமந்தால் ஆளுக்கு 9,36,000. மாமா எட்டுதான் கட்டியிருக்கிறார், தன் பங்கைத் தாண்டவில்லை. மிச்சம் முழுவதையும் வங்கி நண்பரிடம் வசூலித்திருந்தால், நண்பர்தான் மாமாவிடம் வந்திருப்பார். வங்கி கொடுத்த விடுவிப்புக் கடிதம் அதைத் தடுக்காது, ஒரு ஜாமீன்தாரரை வங்கி விடுவித்தாலும் மற்ற ஜாமீன்தாரரிடம் அவருக்குள்ள பொறுப்பு போகாது என்று 138ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

2025 மார்ச்சில் மருமகன் ஒரு மனையை விற்று, ஒரே தவணையாக ஆறு லட்சம் கட்டி வங்கியோடு கணக்கை முடித்துக்கொண்டார். அன்றுதான் கணக்கு திரும்பியது. கடன்காரர் கட்டாமல் ஜாமீன்தாரர்கள்மேல் விழுந்தது மொத்தம் எட்டு லட்சம். அதை முழுக்க ஒருவரே சுமந்திருக்கிறார். 146ஆம் பிரிவின்படி நண்பரின் பங்கு நான்கு லட்சம். அவருடைய வரம்பு பதினாறு லட்சம் என்பதால் அதிகம் தரவேண்டும் என்று மாமாவின் மகன் வாதாடினார். வரம்பு வேறுபட்டாலும், அவரவர் வரம்பு இடம் கொடுக்கும்வரை சமமாகத்தான் பகிரவேண்டும் என்பது 147.

நண்பருக்கு வழக்கறிஞர் மூலம் கடிதம் போனது. இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறார், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறார். மருமகன் மாதம் பத்தாயிரம் மாமாவின் கணக்கில் போடுகிறார். வட்டி போட்டு எழுதி வாங்கலாமா என்று மகன் கேட்டதற்கு மாமா ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவாதப் பத்திரத்தின் நகலை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்.